பாக்கெட் தொலைந்தால் கோல் விழுமா?

வயர்லெஸ் வழியாக ஒரு கட்டுப்பாட்டு வளையத்தை ஓட்டலாமா என்று பேச்சு வந்தால் முதலில் எழும் கேள்வி, "எத்தனை சதவீதம் பாக்கெட் இழப்பு தாங்கும்?" என்பதுதான். நெட்வொர்க் ஆட்கள் 5 சதவீதம் என்பார்கள். கன்ட்ரோல் ஆட்கள் அது பரவாயில்லை என்பார்கள், அல்லது ஆகாது என்பார்கள். இரண்டு பதிலும் தவறாகப் போக வாய்ப்புண்டு, ஏனென்றால் அந்த ஒற்றை எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதே 5 சதவீத இழப்பில் ஒரு அமைப்பு பன்னிரண்டு நாள் நிற்கலாம், இன்னொன்று ஆறு நிமிடத்தில் விழலாம். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக் கடைசி வரை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உதாரணம் கன்ட்ரோல் படித்த எல்லோருக்கும் பழகியது: தலைகீழ் ஊசல். ஒரு சிறிய வண்டி, அதன் மேல் கீலில் நிற்கும் ஒரு மீட்டர் நீளக் கோல், கோலின் உச்சியில் ஒரு எடை. கோல் சாய்கிற பக்கமாக வண்டி நகர்ந்து அதைத் தாங்க வேண்டும். கோலின் சாய்வை அளக்கும் சென்சார் 50 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒரு பாக்கெட்டை ரேடியோவில் அனுப்புகிறது. கன்ட்ரோலர் வண்டியிலேயே மோட்டாரோடு கம்பியால் இணைந்திருக்கிறது. ஆக, தொலையக்கூடியது சென்சார் பாக்கெட் மட்டும்தான்.

யாரும் தொடாமல் விட்டால் இந்தக் கோல் எவ்வளவு வேகத்தில் விழும்? சாய்வு சிறியதாக இருக்கும் வரை அது அடுக்குக்குறி வேகத்தில் வளரும். வளர்ச்சி வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தை நீளத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது. ஒரு மீட்டர் கோலுக்கு விநாடிக்கு 3.13. இதை 50 மில்லி விநாடிக்கு மாற்றினால் ஒவ்வொரு சாம்பிள் இடைவெளியிலும் சாய்வு 1.17 மடங்காகிறது. இந்த 1.17-ஐ a என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட் தொலைந்தால் கோல் அந்த இடைவெளி முழுக்கத் தன்னிச்சையாகச் சாய்கிறது. இருந்த விலகல் a மடங்காகிறது. அடுத்ததும் தொலைந்தால் a² மடங்கு. பாக்கெட் வந்துவிட்டால் கன்ட்ரோலர் விலகலைத் துடைத்துவிடுகிறது என்று எடுத்துக்கொள்வோம். நிஜத்தில் ஒரே அடியில் முழுதும் துடைக்க முடியாது, ஆனால் பாக்கெட் இழப்பைப் புரிந்துகொள்ள இந்த எளிய வடிவம் போதும். ஊசலின் அசைவில் வளரும் பகுதி, தேயும் பகுதி என இரண்டு இருந்தாலும் விழவைப்பது வளரும் ஒன்றுதான். அந்த ஒன்றை மட்டும் பின்தொடர்கிறோம்.

முதலில் எளிய நிலைமை. ஒவ்வொரு பாக்கெட்டும் மற்றவற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் p என்ற நிகழ்தகவில் தொலைகிறது. காற்று, அதிர்வு, சென்சார் இரைச்சல் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு இடைவெளியிலும் கோலுக்கு ஒரு சிறு தள்ளு கொடுக்கின்றன. அதன் சராசரி வர்க்கம் W. இப்போது விலகலின் சராசரி வர்க்கத்தை P என்றால், அடுத்த சாம்பிளில் அது என்ன ஆகும்? பாக்கெட் வந்தால் பழைய விலகல் போய்விடும், புதுத் தள்ளு மட்டும் மிஞ்சும். தொலைந்தால் பழையது a² மடங்காகிப் புதுத் தள்ளும் சேரும். தொலைவதற்கு வாய்ப்பு p என்பதால்:

```
P(k+1) = p·a²·P(k) + W
```

இந்த ஒரு வரியில் கிட்டத்தட்ட எல்லாம் இருக்கிறது. p·a² ஒன்றைவிடச் சிறியதாக இருந்தால் P ஓர் அளவில் நின்றுவிடும். அந்த அளவு W/(1 − p·a²). ஒன்றைத் தொட்டாலோ தாண்டினாலோ அது எல்லையில்லாமல் வளரும். நம் கோலுக்கு a² என்பது 1.368. ஆகவே எல்லை p = 1/1.368, அதாவது 73 சதவீதம். நான்கில் மூன்று பாக்கெட் காணாமல் போனாலும் ஏறக்குறையத் தாங்கும் என்கிறது கணக்கு. கோலின் நீளத்தை 25 சென்டிமீட்டராகக் குறைத்தால் வளர்ச்சி வீதம் இரட்டிக்கிறது, எல்லை 53 சதவீதத்துக்கு இறங்குகிறது.

2004-இல் பெர்க்லியில் சினோபோலி, ஷெனாட்டோ உள்ளிட்ட குழு, இரைச்சலான அளவீடுகளிலிருந்து அமைப்பின் நிலையை மதிப்பிடும் கால்மன் வடிகட்டிக்கு இதையே பொதுவான வடிவில் நிறுவியது: அளவீடுகள் இடையிடையே தொலைந்தால் ஒரு குறிப்பிட்ட வருகை நிகழ்தகவுக்குக் கீழே மதிப்பீட்டுப் பிழையின் சராசரி வர்க்கம் எல்லையில்லாமல் போகும். ஒரு மாறி மட்டும் உள்ள அமைப்பில் அந்த எல்லை 1 − 1/a². நம் ஒரு வரிக் கணக்கில் கிடைத்ததும் அதுதான், வருகைப் பக்கத்திலிருந்து சொன்னால்.

எல்லை இருக்கிறது என்பதைவிட அதை எப்படி நெருங்குகிறோம் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 5 சதவீத இழப்பில் P வெறும் 1.07 W. 50 சதவீதத்தில் 3.2 W. இதுவரை பெரிய மாற்றம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. 70 சதவீதத்தில் 23.5 W, 72 சதவீதத்தில் 66 W. நெடுந்தூரம் தட்டையாக ஓடிவிட்டுக் கடைசி சில சதவீதங்களில் செங்குத்தாக ஏறும் வளைவு இது. பரிசோதனைக் கூடத்தில் 50 சதவீதம் வரை பாக்கெட்டுகளைத் தூக்கியெறிந்து பார்த்துவிட்டு "நல்ல இடைவெளி இருக்கிறது" என்று எழுதி வைப்பவர்களுக்கு இந்த வளைவு எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அப்புறம், சராசரி வர்க்கம் என்பதே ஒரு குறிப்பிட்ட வகை உத்தரவாதம்தான். விலகல் பெரிதாவதற்கு ஒரே வழி பாக்கெட்டுகள் தொடர்ச்சியாகத் தொலைவது. n பாக்கெட் வரிசையாகத் தொலைய வாய்ப்பு p-இன் n அடுக்கு. அதற்குள் விலகல் a-இன் n அடுக்கு ஆகிறது. வாய்ப்பும் அடுக்காகக் குறைகிறது, சேதமும் அடுக்காக வளர்கிறது. இந்த இரண்டும் மோதும்போது கிடைப்பது நாம் பழகிய மணி வடிவப் பரவல் அல்ல. நீண்ட வால் உள்ள பரவல். 70 சதவீத இழப்பில், பெரிய விலகல்களை எடுத்துக்கொண்டால், விலகல் இரட்டிக்கும்போது அதன் வாய்ப்பு ஐந்தில் ஒன்றாகத்தான் குறையும். மணி வடிவத்தில் அது ஆயிரத்தில் ஒன்று, லட்சத்தில் ஒன்று என்று சரிந்திருக்கும். சராசரி வர்க்கம் ஓர் அளவுக்குள் இருக்கிறது என்பதால் பெரிய விலகல்கள் வராது என்று அர்த்தமில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் எளிய மாதிரியில் இழப்பு 80 சதவீதமானாலும் என்றாவது ஒரு பாக்கெட் வந்தே தீரும். வந்த உடனே விலகல் துடைக்கப்படும். ஆகவே எந்த ஒரு ஓட்டத்தை எடுத்துப் பார்த்தாலும் கோல் மறுபடி மறுபடி நேராக நிற்பதையே காண்போம். சராசரி வர்க்கம் மட்டும் முடிவிலி. இந்த முரண் காகிதத்தில்தான் நிலைக்கும், ஏனென்றால் அதில் மோட்டாருக்கு எல்லை வைக்கவில்லை. நிஜ வண்டி விநாடிக்கு விநாடி 4 மீட்டர் என்ற முடுக்கத்துக்கு மேல் போகாது என்று வைத்துக்கொண்டால், சுமார் 22 பாகைக்கு மேல் சாய்ந்த கோலை அதனால் மீட்கவே முடியாது. அதற்கு மேல் பாக்கெட் வந்தென்ன, வராமல் என்ன? எல்லையுள்ள மோட்டாரோடு நிலையற்ற அமைப்பை ஓட்டும்போது, எப்போதாவது ஒருமுறை போதுமான நீளத்துக்குத் தொடர் இழப்பு வரும், கோல் விழும். விழுமா என்று கேட்பதில் பொருளில்லை. சராசரியாக எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்பதுதான் கேள்வி.

அதைக் கணக்கிடலாம். வழக்கமான ஓட்டத்தில் கோல் ஒரு பாகை அளவுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது என்று வைப்போம். கட்டுப்பாடு முற்றிலும் நின்றால் ஒரு விநாடியில் அந்த ஒரு பாகை சுமார் 23 பாகையாகும். ஆக, 20 சாம்பிள்கள் தொடர்ந்து தொலைந்தால் கோல் போச்சு. 5 சதவீத சார்பற்ற இழப்பில் இருபது தொடர்ந்து தொலைய வாய்ப்பு 10-இன் −26 அடுக்கு. பிரபஞ்சத்தின் வயது முழுக்க ஓட்டினாலும் வராது.

ஆனால் ரேடியோ இப்படித் தொலைப்பதில்லை. பாக்கெட்டுகள் கூட்டமாகத் தொலைகின்றன. இரண்டு ஆன்டெனாக்களுக்கு நடுவே ஒரு ஃபோர்க்லிஃப்ட் வந்து நின்றால் அது நகரும் வரை ஒன்றும் வராது. பக்கத்து வைஃபை ஒரு பெரிய கோப்பை இறக்கும் நேரம் முழுக்க அந்தச் சேனல் நெரிசலாக இருக்கும். நகரும் வண்டி ஓர் அக்சஸ் பாயின்ட்டை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது சில நூறு மில்லி விநாடி மொத்தமாகப் போகலாம். ஒரு பாக்கெட் தொலைந்தது என்றால் அடுத்ததும் தொலையும் வாய்ப்பு வழக்கத்தைவிட மிக அதிகம்.

இதற்குப் பழைய மாதிரி ஒன்று இருக்கிறது. 1960-இல் பெல் ஆய்வகத்தின் கில்பர்ட், பிழைகள் கொத்தாக வரும் தகவல் தடங்களுக்காக எழுதியது. 1963-இல் எலியட் அதை விரித்தார். தடம் நல்ல நிலை, கெட்ட நிலை என இரண்டில் ஒன்றில் இருக்கும். நல்லதிலிருந்து கெட்டதற்கு ஒவ்வொரு சாம்பிளிலும் r என்ற வாய்ப்பில் மாறும். கெட்டதிலிருந்து q என்ற வாய்ப்பில் மீளும். கெட்ட நிலையில் எல்லா பாக்கெட்டும் தொலையும் என்று எளிமையாக வைத்தால், ஒரு தொடர் இழப்பின் சராசரி நீளம் 1/q சாம்பிள்கள். சராசரி இழப்பு வீதம் r/(r+q).

இந்தத் தடத்தில் நம் கோலின் நிலைத்தன்மை நிபந்தனை என்ன? கெட்ட நிலையில் இருக்கும்போது ஒவ்வோர் அடியிலும் விலகலின் வர்க்கம் a² மடங்காகிறது, அங்கேயே தங்க வாய்ப்பு 1 − q. எனவே

```
(1 − q)·a² < 1
```

இதில் r இல்லை என்பதைக் கவனியுங்கள். கெட்ட நிலைக்கு எத்தனை முறை போகிறோம் என்பது சராசரி வர்க்க நிலைத்தன்மையைத் தொடுவதே இல்லை. போனால் எவ்வளவு நேரம் தங்குகிறோம் என்பது மட்டும்தான் அதைத் தீர்மானிக்கிறது. சராசரி இழப்பு வீதம் r-உம் q-உம் கலந்த எண். அதனால்தான் அந்த ஒற்றைச் சதவீதத்தை வைத்து எதையும் சொல்ல முடியாமல் போகிறது.

எண்களைப் போடுவோம். சராசரி இழப்பு 5 சதவீதம், ஆனால் தொலையும்போது சராசரியாக ஐந்து சாம்பிள் சேர்ந்து தொலைகிறது. q = 0.2. அப்படியானால் 0.8 × 1.368 = 1.09. நிலையற்றது. சார்பற்ற இழப்பில் 73 சதவீதம் தாங்கிய அதே கோல், அதே கன்ட்ரோலர், இங்கே 5 சதவீதத்தில் எல்லை தாண்டிவிட்டது. சராசரி தொடர் மூன்று சாம்பிள் என்றால் 0.667 × 1.368 = 0.91; எல்லைக்குள் வருகிறது.

இப்போது மோட்டார் எல்லையையும் சேர்த்து, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை விழும் என்று பார்ப்போம். ஐந்து சாம்பிள் தொடரில், 5 சதவீத இழப்பு வர வேண்டுமானால் நூறு சாம்பிளுக்கு ஒரு தொடர், அதாவது 5 விநாடிக்கு ஒன்று வரும். தொடங்கிய ஒரு தொடர் இருபது சாம்பிளோ அதற்கு மேலோ நீள வாய்ப்பு 0.8-இன் 19 அடுக்கு, சுமார் 0.0144. எழுபதுக்கு ஒன்று. எழுபது தொடர் வர ஏறக்குறைய ஆறு நிமிடம் ஆகும். ஆக, ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை கோல் விழும்.

சராசரி நீளம் மூன்றானால் 3 விநாடிக்கு ஒரு தொடர் வரும். அது இருபதைத் தொடுவது இரண்டாயிரத்து இருநூறில் ஒன்று. ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை விழும். சராசரி நீளம் இரண்டானால் 2 விநாடிக்கு ஒரு தொடர்; இருபதைத் தொடுவது ஐந்து லட்சத்தில் ஒன்று. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை. மூன்றிலும் சராசரி இழப்பு அதே 5 சதவீதம். நடுவில் உள்ளது கணிதப்படி நிலையான அமைப்பு என்பதையும் மறக்க வேண்டாம். சராசரி வர்க்க நிபந்தனையை நிறைவேற்றிவிட்டது, ஆனாலும் ஒரு ஷிப்டுக்கு நான்கு முறை விழுகிறது.

நம்பிக்கை வராதவர்கள் இதை ஓட்டிப் பார்க்கலாம்:

```python
import math, random
a = math.exp(3.13 * 0.05)
q, r = 0.2, 0.0105
N = 1_000_000
bad, x, peak, lost = False, 0.0, 0.0, 0
for k in range(N):
    bad = (random.random() > q) if bad else (random.random() < r)
    x = a * x if bad else 0.0
    x += random.gauss(0, 1)
    lost += bad
    peak = max(peak, abs(x))
print(lost / N, peak)
```

முதல் எண் 0.05 அருகே இருக்கும். இரண்டாவது, அதாவது உச்ச விலகல், பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டும், சில ஓட்டங்களில் நூற்றுக்கணக்கில் நிற்கும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் பெரிய அளவில் மாறும். அந்த நிலையின்மையே வால் நீண்ட பரவலின் அடையாளம். பிறகு q = 0.95, r = 0.05 என்று மாற்றினால் அதே 5 சதவீதம் சார்பற்ற இழப்பாகிறது. இப்போது உச்சம் பத்தைத் தாண்டுவது அரிது, எத்தனை முறை ஓட்டினாலும் கிட்டத்தட்ட ஒரே எண்.

இங்கே உடனே தோன்றும் தீர்வு, சாம்பிள் வேகத்தைக் கூட்டுவது. 50 மில்லி விநாடிக்குப் பதில் 10 மில்லி விநாடி. சார்பற்ற இழப்பு என்றால் இது பிரமாதமாக வேலை செய்யும்: a ஒன்றை நெருங்கும், தாங்கும் இழப்பு 94 சதவீதத்துக்கு ஏறும். ஆனால் ஃபோர்க்லிஃப்டுக்கு நம் சாம்பிள் வேகம் தெரியாது. அது கால் விநாடி நின்றால் 50 மில்லி விநாடியில் ஐந்து பாக்கெட் தொலையும், 10 மில்லி விநாடியில் இருபத்தைந்து தொலையும். கோல் கட்டுப்பாடின்றிச் சாயும் நேரம் அதே கால் விநாடிதான். சாம்பிளை மிக நுணுக்கினால் நிபந்தனை சாம்பிள் இடைவெளியை உதறிவிட்டு இப்படி ஆகிறது: தொடர் இழப்பின் சராசரி நேரம், வளர்ச்சி வீதத்தின் இரட்டிப்பைத் தலைகீழாக்கினால் வரும் நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஒரு மீட்டர் கோலுக்கு அது 1/6.26 விநாடி, சுமார் 160 மில்லி விநாடி. (50 மில்லி விநாடி சாம்பிளில் கணக்குப் போட்டால் 186 வரும்.) என்னைக் கேட்டால் நெட்வொர்க் ஆட்களிடம் போய்ச் சொல்ல வேண்டிய எண் இதுதான். "இத்தனை சதவீதத்துக்குக் கீழே வேண்டும்" என்று கேட்பதைவிட, "பாக்கெட்டே வராத சராசரி இருட்டு நேரம் 160 மில்லி விநாடிக்கு நன்றாகக் கீழே வேண்டும், ஒரு விநாடி இருட்டு எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். வேகத்தைக் கூட்டுவதால் இன்னொரு தொல்லையும் உண்டு: ஐந்து மடங்கு பாக்கெட் அனுப்பினால் அதே சேனலில் நெரிசலும் கூடும்.

சரி, இருட்டு நேரத்தைக் குறைப்பது எப்படி? தொலைந்ததை மறுபடி அனுப்பலாம், ஆனால் எங்கே அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது அது. ஒரு முயற்சி தோற்க வாய்ப்பு 20 சதவீதம் என்றால், சார்பற்ற மூன்று முயற்சிகளும் தோற்பது 0.8 சதவீதம். அதே அலைவரிசையில் அடுத்தடுத்த சில மில்லி விநாடிகளில் மூன்று முறை அனுப்பினால் மூன்றும் ஒரே இருட்டுக்குள் விழும், கணக்கு பலிக்காது. தொழிற்சாலைகளில் புழங்கும் வயர்லெஸ் ஹார்ட் 10 மில்லி விநாடித் துண்டுகளாக நேரத்தைப் பிரித்து, ஒவ்வொரு முயற்சிக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் 15 சேனல்களுக்கு இடையே தாவுவது இதற்காகத்தான். ஒரு சேனலை வைஃபை அடைத்திருந்தாலும் அடுத்த முயற்சி வேறு சேனலில் போகும். சராசரி இழப்பு அதனால் எவ்வளவு குறைகிறது என்பது இரண்டாம் பட்சம். இழப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பிரிகின்றன, நமக்கு அது போதும். 2019-இல் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பல தாவல்கள் கொண்ட குறைமின் ரேடியோ வலையில் நிஜத் தலைகீழ் ஊசல்களை 20 முதல் 50 மில்லி விநாடி இடைவெளியில் நிறுத்திக் காட்டினார்கள். பாக்கெட் இழப்பு சார்பற்றது என்று எடுத்துக்கொள்ளும்படி வலையை முதலில் அமைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நிலைத்தன்மையை நிறுவினார்கள். அந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது.

மறு அனுப்பலில் ஒரு கண்ணி இருக்கிறது. டிசிபி போன்ற முறைகள் தொலைந்த பழைய பாக்கெட் போய்ச் சேரும் வரை புதியதை வரிசையில் நிறுத்தி வைக்கும். கோப்புக்கு அது சரி. கோலுக்கு 200 மில்லி விநாடிக்கு முந்தைய சாய்வு எதற்கு? புதியது வந்துவிட்டால் பழையதைக் குப்பையில் போட வேண்டும். எல்லா பாக்கெட்டும் வந்து சேர்ந்து, இழப்பு பூஜ்யம் என்று காட்டி, கோல் விழும் அமைப்புகள் இப்படித்தான் உருவாகின்றன. கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை தாமதமாக வந்த சாம்பிளும் தொலைந்த சாம்பிள்தான்.

அடுத்தது, பாக்கெட் வராத இடைவெளியில் மோட்டாருக்கு என்ன சொல்வது? இதுவரை சென்சார் பாக்கெட் தொலைந்ததாகத்தான் பார்த்தோம். கன்ட்ரோலர் தொலைவில் இருந்து மோட்டார் கட்டளையும் ரேடியோவில் வந்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். இரண்டு பழக்கங்கள் உண்டு: கட்டளை வரவில்லை என்றால் பூஜ்யம் கொடுப்பது, அல்லது கடைசியாக வந்ததையே பிடித்துக்கொள்வது. பிடித்துக்கொள்வதுதான் பாதுகாப்பானது என்று பலருக்குத் தோன்றும். பெரும்பாலான கருவிகளில் இயல்பான அமைப்பும் அதுவே. நம் கோலில் போட்டுப் பாருங்கள். விலகல் 1 பாகை, கன்ட்ரோலர் −1.17 என்ற கட்டளை கொடுத்து அதைப் பூஜ்யமாக்குகிறது. அடுத்த கட்டளை தொலைகிறது, மோட்டார் பழைய −1.17-ஐயே மறுபடி செய்கிறது, விலகல் −1.17 ஆகிறது. அதற்கடுத்ததும் தொலைந்தால் −2.54. மூன்றாவதும் தொலைந்தால் −4.14. நேராக நின்ற கோலைக் கன்ட்ரோலரே தள்ளிச் சாய்க்கிறது. பூஜ்யம் கொடுத்திருந்தால் அது பூஜ்யத்தின் அருகிலேயே நின்றிருக்கும். கன்ட்ரோலர் எவ்வளவு துடிப்பாகத் திருத்துகிறதோ அவ்வளவு ஆபத்து பழைய கட்டளையைப் பிடித்துக்கொள்வது.

ஆனால் இதையே உலைக்குப் பொருத்த முடியாது. 180 பாகை வெப்பத்தில் நிற்கும் உலைக்கு 60 சதவீத ஹீட்டர் சக்தி எப்போதும் தேவை. ஒரு பாக்கெட் தொலைந்ததும் ஹீட்டரை அணைப்பது தவறு. அங்கே பிடித்துக்கொள்வதுதான் சரி. 2009-இல் ஷெனாட்டோ இந்த இரண்டையும் ஒப்பிட்டு, எது மேல் என்பது அமைப்பைப் பொறுத்தது, எதுவும் எப்போதும் வெல்லாது என்று காட்டினார். இரண்டையும்விட நல்ல வழி, ஒவ்வொரு பாக்கெட்டிலும் இப்போதைய கட்டளையோடு அடுத்த சில சாம்பிள்களுக்கான முன்கணிப்புக் கட்டளைகளையும் சேர்த்து அனுப்புவது. மோட்டார் பக்கத்தில் அவற்றை அடுக்கி வைத்து, பாக்கெட் வராதபோது அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பாக்கெட்டில் ஒரு எண் போனாலும் பத்து எண் போனாலும் ரேடியோவுக்குப் பெரிய வித்தியாசமில்லை. முகவரி போன்றவை அடங்கிய தலைப்புப் பகுதியே பல நேரங்களில் அதைவிடப் பெரியது. இருட்டு நேரத்தில் வரும் புதுத் தள்ளுகளை இது ஒன்றும் செய்யாது, ஆகவே மேலே சொன்ன அடிப்படை எல்லையை நகர்த்தாது. கன்ட்ரோலரே கோலைத் தள்ளிவிடுவதை மட்டும் நிறுத்தும்.

உலை, குழாய் ஓட்டம் போன்ற தானாகவே நிலைபெறும் அமைப்புகளில் a ஒன்றுக்குக் கீழே இருப்பதால் இதுவரை சொன்ன வெடிப்பு வராது. அங்கே தொந்தரவு கன்ட்ரோலருக்குள் இருக்கிறது. பிழை, அதன் தொகை, அது மாறும் வேகமான வகை ஆகிய மூன்றையும் வைத்துத் திருத்துவது பிஐடி கன்ட்ரோலர். பாக்கெட் வராதபோது பழைய அளவீட்டையே புதியது போல எடுத்துக்கொள்ளும் பிஐடி, அதே பிழையை ஒவ்வொரு சுற்றிலும் தொகைப் பகுதியில் கூட்டிக்கொண்டே போகும். இருட்டு முடிந்ததும் வால்வு அளவுக்கு மீறித் திறந்திருக்கும், வெப்பம் இலக்கைத் தாண்டி ஆடும். வகைப் பகுதி இன்னும் மோசம். நான்கு சாம்பிள் தொலைந்து ஐந்தாவது வந்தால், ஐந்து இடைவெளிகளில் நடந்த மாற்றம் ஒரே இடைவெளியில் நடந்தது போலத் தெரியும். வகைப் பகுதி ஐந்து மடங்கு துள்ளும். சாம்பிள் வந்தால் மட்டும் கணக்கை ஓட்டி, பாக்கெட்டில் உள்ள நேர முத்திரையிலிருந்து உண்மையான இடைவெளியை எடுத்து வகுத்தால் அந்தத் துள்ளல் போய்விடும். வால்வு அவ்வப்போது தனித்தனிக் கூர்முனைகளாகத் துள்ளினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் தடம் எந்த வகை என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு பாக்கெட்டிலும் வரிசை எண் இருந்தால் முதல் பார்வைக்கு ஒரு மணி நேரப் பதிவு போதும். 50 மில்லி விநாடியில் அது 72,000 சாம்பிள். தொடர் இழப்புகளை நீளவாரியாக எண்ணுங்கள். 5 சதவீத சார்பற்ற இழப்பு என்றால் சுமார் 3,400 இடங்களில் இழப்பு இருக்கும். அவற்றில் இரண்டோ அதற்கு மேலோ நீண்டவை 170, மூன்றோ அதற்கு மேலோ நீண்டவை எட்டு அல்லது ஒன்பது, நான்கைத் தொட்டது ஒன்று இருந்தாலே அதிகம். சராசரி ஐந்து நீளக் கூட்ட இழப்பு என்றால் மொத்தம் 720 இடங்கள்தான், ஆனால் பத்தோ அதற்கு மேலோ நீண்டவை நூறு வரை இருக்கும், இருபதோ அதற்கு மேலோ நீண்டவை பத்து. இரண்டு பதிவிலும் மொத்தம் தொலைந்தது 3,600 பாக்கெட். நீளத்தைக் கிடையிலும் எண்ணிக்கையை மடக்கை அளவில் செங்குத்திலும் வைத்து வரைந்தால் நேர்கோடு வரும். நீளம் ஒரு சாம்பிள் கூடும்போது எண்ணிக்கை எத்தனை மடங்காகிறது என்பதை அதன் சரிவு காட்டும்; அந்த மடங்குதான் 1 − q. கோடு நடுவில் மடங்கி வால் மட்டம் தட்டினால் தடத்துக்கு இரண்டுக்கு மேற்பட்ட நிலைகள் இருக்கின்றன: குறுகிய குறுக்கீடு ஒன்று, நீண்ட மறைப்பு ஒன்று என்று. அப்போது a²-உடன் பெருக்க வேண்டியது அந்த வாலின் சரிவு காட்டும் மடங்கை, தொடக்கப் பகுதியின் மடங்கை அல்ல. ஒரு மணி நேரப் பதிவில் வாலுக்கு நாலைந்து புள்ளிகள்தான் கிடைக்கும் என்பதால், ஷிப்ட் மாறும் நேரமும் சரக்கு இறங்கும் நேரமும் உட்பட ஒரு முழு வாரம் பதிவு செய்துவிட்டு அந்தச் சரிவை எடுப்பது நல்லது.